ஏற்றுமதி பேக்கேஜிங்: கொள்முதல் மேலாளருக்கு நான்கு மெயில்கள்

மெயில் 1 (செவ்வாய் காலை)
பொருள்: ஒரு பாலெட் போட்டோ கிடைக்குமா?

சரவணன் சார், வணக்கம்.

ஏற்றுமதிக்கான அட்டைப்பெட்டி, மரப்பெட்டி, பாலெட் செய்து கொடுக்கிறோம். நீங்கள் வார்ப்பிரும்பு பம்ப் பாகங்களைக் கப்பலில் அனுப்புவதை உங்கள் இணையதளத்தில் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ரேட் பட்டியல் இணைக்கவில்லை. பெட்டியையே பார்க்காமல் சொல்கிற ரேட்டை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? டிஸ்பேட்சில் யாரிடமாவது சொல்லி, கட்டி நிற்கும் ஒரு பாலெட்டை மூலைப் பக்கமிருந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், போதும். எங்கே பலம் குறைகிறது, எங்கே தேவைக்கு மேல் செலவாகிறது என்று நாலைந்து வரியில் எழுதுகிறேன். கட்டணம் கிடையாது.

கதிரவன்
தொழிற்சாலை பேக்கேஜிங் விற்பனை

மெயில் 2 (நான்கு நாள் கழித்து)
பொருள்: 7 பிளைக்கு மாறும் முன்

சரவணன் சார்,

அடித்தட்டில் பெட்டி நசுங்கியது என்று வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால், 5 பிளையை 7 பிளை ஆக்கு என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் யோசனை. பெட்டி விற்கிற எனக்கு அது லாபம்தான். ஆனால் பல நேரம் கோளாறு பெட்டியில் இருக்காது, அடுக்குவதில் இருக்கும்.

அட்டைப்பெட்டி சுமையைப் பெரும்பாலும் நான்கு மூலைகளில்தான் தாங்குகிறது. பெட்டி பாலெட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கத்து மூலைகளுக்கு அடியில் பிடிப்பு இருக்காது. செங்கல் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கினால், மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் நடுப்பகுதியில் போய் உட்காரும். நடுப்பகுதிதான் பலவீனமான இடம். மூலைக்கு நேராக மூலை வைத்து அடுக்கி, ஓரத்துக்கு ஆங்கிள் போர்டு கொடுத்து, ஸ்ட்ரெச் ஃபிலிமை பாலெட் கட்டையோடு சேர்த்துச் சுற்றினால், அதே 5 பிளை நின்றுவிடுவது உண்டு.

இன்னொன்று, உங்கள் ஸ்பெக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஜிஎஸ்எம், பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த் இரண்டு மட்டும் இருந்தால், பெட்டி மேலிருந்து எவ்வளவு எடை தாங்கும் என்பதே அதில் இல்லை. அதைச் சொல்வது கம்ப்ரெஷன் டெஸ்ட். அந்த எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள ஆய்வகத்தில் எடுத்தது அது. வாரக்கணக்கில் ஈரக்காற்றில் கன்டெய்னருக்குள் நின்றால், ஈரத்தை இழுத்த அட்டை அந்தப் பலத்தில் பாதியைக் கூட இழந்துவிடலாம்.

நீங்கள் இப்போது வாங்கும் பெட்டியில் மூன்று காலிப் பெட்டிகள் கொடுத்தால், எங்கள் செலவில் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்து ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அதைக் காட்டி இப்போதைய சப்ளையரிடமே பேசினாலும் எனக்கு வருத்தமில்லை. வியாழன் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவா?

கதிரவன்

மெயில் 3 (ஒரு வாரம் கழித்து)
பொருள்: முட்டுக் கட்டைக்கும் முத்திரை உண்டா?

சரவணன் சார்,

இது உங்கள் ஸ்டோர்ஸ் ஆட்களுக்கு ஃபார்வர்டு செய்யவேண்டிய மெயில்.

ஏற்றுமதி மரப் பேக்கேஜிங்குக்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி வெப்பச் சிகிச்சை செய்த மரத்தின் உட்பகுதி தொடர்ந்து 30 நிமிடம் 56 டிகிரி செல்சியஸில் இருந்திருக்க வேண்டும். மரத்தில் முத்திரை இருக்க வேண்டும். பாலெட்டில் எல்லோரும் முத்திரையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கன்டெய்னருக்குள் சரக்கு நகராமல் இருக்கக் கடைசி நேரத்தில் முட்டுக் கொடுக்கிறார்களே, அந்தக் கட்டைதான் கண்ணில் படாமல் போகும். அதுவும் இதே விதிக்குள் வருகிறது. கிடைத்த துண்டை வைத்து அடித்துவிட்டால், போய்ச் சேரும் துறைமுகத்தில் சரக்கு நிற்கலாம்.

பாலெட்டோடு முட்டுக் கட்டையையும் முத்திரையோடு அளவுக்கு வெட்டித் தருகிறோம். முழுக்க பிளைவுட்டிலேயே செய்தால் இந்த விதியே பொருந்தாது. உங்கள் எடைக்கு எது கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல, ஒரு பாலெட்டின் மொத்த எடை தெரிந்தால் போதும்.

கதிரவன்

மெயில் 4 (பத்து நாள் கழித்து)
பொருள்: எந்த மாதம்?

சரவணன் சார்,

பதில் போட நேரமில்லை என்பது புரிகிறது. இதற்கு மேல் தொந்தரவு செய்யமாட்டேன்.

பேக்கேஜிங் ரேட் கான்ட்ராக்ட் எந்த மாதம் முடிகிறது என்று மட்டும் ஒரு வார்த்தை பதில் எழுதுங்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு கொட்டேஷனும் மாதிரிப் பெட்டியும் உங்கள் மேஜையில் இருக்கும். புது சப்ளையர் என்ற தயக்கம் இருந்தால் முதலில் 50 பெட்டிக்கு மட்டும் பி.ஓ. போடுங்கள், அதே ரேட்டில் தருகிறோம்.

பேக்கேஜிங்கை வேறு யாராவது பார்க்கிறார்கள் என்றால் அவர் பெயரைச் சொல்லுங்கள், அவரிடமே பேசிக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று எழுதினாலும் சரி.

நன்றி,
கதிரவன்