மழை வந்த இரவு: ஐந்தாம் வகுப்பு வாசிப்புப் பயிற்சி

கதையைப் படித்துவிட்டுக் கேள்விகளுக்கு விடை எழுதுக.

திங்கட்கிழமை முதல் பாடவேளை. மாரி மேசையில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் எழுப்பவில்லை. இரவு பெய்த மழை அவருக்கும் தெரியும்.

மாரியின் அப்பாவுக்குத் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை. கடல்நீரைப் பாத்தியில் தேக்கினால், வெயிலிலும் காற்றிலும் தண்ணீர் ஆவியாகி உப்பு அடியில் படியும். போன வாரம் முழுக்க நல்ல வெயில். சனிக்கிழமை உப்பை வாரி அம்பாரமாகக் குவித்தார்கள். ஒரு பாத்தி மட்டும் மிச்சம். “திங்கட்கிழமை வாரிக்கலாம்” என்றார் அப்பா.

ஞாயிறு இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் இடி. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்ப, அம்மாவும் மாரியும் பின்னாலேயே ஓடினார்கள். அம்பாரத்தின் மேல் ஓலை போட்டு, காற்றில் பறக்காமல் கல் வைத்து முடித்தார்கள். அப்புறம்தான் மழை பிடித்தது. அம்பாரம் தப்பியது. வாராத பாத்தியில் இருந்த உப்பு கரைந்தே போய்விட்டது. வீட்டுக்கு வந்து படுக்கும்போது மணி இரண்டு.

1. நடந்த வரிசையில் எழுதுக. (கதை சொன்ன வரிசையில் அல்ல!)
அ) மாரி வகுப்பில் தூங்கினாள்.
ஆ) அம்பாரத்தை ஓலையால் மூடினார்கள்.
இ) பாத்தியில் உப்பு படிந்தது.
ஈ) இடி இடித்தது.
உ) உப்பை வாரிக் குவித்தார்கள்.
ஊ) வாராத பாத்தியின் உப்பு கரைந்தது.

2. ஓலை மேல் கல் வைத்தது ஏன்?

3. ஒரே மழைதான். பாத்தியில் கிடந்த உப்பு கரைந்தது, அம்பாரம் கரையவில்லை. ஏன்?

4. டீச்சர் மாரியை ஏன் எழுப்பவில்லை? விடை ஒரே வரியில் இல்லை. இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்க்கவும்.

5. “கரண்ட் போனதால் மழை வந்தது” என்று ஒரு மாணவர் எழுதினார். இது சரியா? ஏன்?

6. கடைசிப் பாத்தியையும் சனிக்கிழமையே வாரியிருந்தால், கதையில் எது மாறியிருக்கும்? எது மாறியிருக்காது?

ஆசிரியருக்கு

1: இ, உ, ஈ, ஆ, ஊ, அ. முதல் பத்தியே கடைசியில் நடந்தது என்பதால் ‘அ’வை முதலில் எழுதும் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். தவறு என்று அடித்துவிடாமல், “எந்தக் கிழமை?” என்று கேளுங்கள். ‘போன வாரம், சனி, ஞாயிறு, திங்கள்’ ஆகிய சொற்களுக்கு அடிக்கோடு போட்டாலே பாதி வேலை முடிந்தது.

2: காற்றில் ஓலை பறக்காமல் இருக்க. 3: அம்பாரத்துக்கு ஓலை மூடி இருந்தது, பாத்தி திறந்து கிடந்தது. 4: இரவு மழையில் உப்பளத்தில் வேலை இருந்திருக்கும், தூக்கம் கெட்டிருக்கும் என்று டீச்சர் ஊகித்தார்.

5தான் இந்தப் பயிற்சியின் உயிர். முன்னால் நடந்ததெல்லாம் காரணம் ஆகாது. கரண்ட் போகாமல் இருந்திருந்தாலும் மழை வந்திருக்கும் என்று சொன்னால் முழு மதிப்பெண். “கரண்ட் முன்னால் போனது” என்று மட்டும் எழுதினால் பாதி.

6க்கு ஒரே விடை கிடையாது. அந்த உப்பும் தப்பியிருக்கும். ஆனால் அம்பாரத்தை மூட அன்று இரவும் ஓடித்தான் ஆக வேண்டும், மாரி அப்போதும் வகுப்பில் தூங்கியிருப்பாள். இதற்கு முரண்படாத எந்த விடையையும் ஏற்கலாம்.