மாநில அளவிலான பதக்கத்தை விளையாட்டு ஒதுக்கீட்டிற்கு அங்கீகரிக்கக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
ச. கவிதா, மதுரை.

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை.

வழி: மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர், மதுரை.

மதிப்பிற்குரிய ஐயா,

2023–24 கல்வியாண்டில் பள்ளிக் கல்வித் துறை நடத்திய மாநில அளவிலான குடியரசு தின விழாத் தடகளப் போட்டியில், 19 வயதிற்குட்பட்ட மாணவியர் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 66.4 விநாடிகளில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றேன். பொறியியல் சேர்க்கையின் விளையாட்டு ஒதுக்கீட்டிற்கு இச்சான்றிதழை அளித்தபோது, சரிபார்ப்பில் நிறுத்தி வைக்கப்பட்டது. சான்றிதழில் "கவிதா எஸ்" என்றும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் "கவிதா ச" என்றும் இருப்பதே காரணம். எழுத்துதான் வேறு, பிறந்த தேதியும் பள்ளியும் இரண்டிலும் ஒன்றே.

அதற்கு ஆதாரமாக, முத்திரையிட்ட போட்டி முடிவுப் பட்டியல், வயதுச் சான்றுடன் கூடிய நுழைவுப் படிவ நகல், இருவரும் ஒருவரே எனத் தலைமையாசிரியர் அளித்த சான்று ஆகியவற்றை இணைத்துள்ளேன். மூலச் சான்றிதழை நேரில் காட்டுகிறேன், தபாலில் அனுப்பவில்லை.

பதக்கத்தை அங்கீகரித்து, சேர்க்கைக் குழுவிற்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். ஏற்க இயலாவிடில், கலந்தாய்வுக்கு முன் முறையீடு செய்ய ஏதுவாக, எந்த விதிப்படி என்பதைக் குறிப்பிட்டு ஆணை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ச. கவிதா