மருந்து ஏறும் நேரம்

காலை ஆறு.
மாத்திரை ஒன்று, கூடவே ஒரு அரை.
நடுக்கோட்டில் கத்தியை அழுத்தினால்
சரிபாதியாய் உடையும்.
உதிர்ந்த தூளையும் விரலால் ஒற்றி
கெட்டியாக்கிய ஸ்பூன் தண்ணீரில் சேர்த்துக் கொடுக்கிறேன்.
அப்புறம் முக்கால் மணி நேரம் ஒன்றும் கிடையாது.

"காபி?" என்கிறார் அப்பா.
"ஆறே முக்காலுக்குப்பா."
"பால் கொஞ்சந்தானே ஊத்துறே?"

தஞ்சாவூர் கும்பகோணம் ரூட்டில்
முப்பது வருஷம் கண்டக்டர்.
அவருக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன்:
உள்ளே போக வாசல் ஒன்றுதான்.
பாலும் பருப்பும் முட்டையும் முண்டியடித்து ஏறிவிட்டால்
பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா ஸ்டாப்பிலேயே நின்றுவிடும்.
"அப்ப பாலை அடுத்த வண்டிக்கு நிக்கச் சொல்லு"
என்கிறார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.
முகம் அசைய இன்னும் நேரமாகும்.

ஏழு மணி வாக்கில் கன்னம் இளகுகிறது.
குரல் வருகிறது, கை தணிகிறது.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
தாமாக உரசிக்கொள்வது
கொஞ்ச நேரம் நிற்கிறது.
டிக்கெட் கிழித்துக் கிழித்துக் காய்த்த விரல்கள்.
அவற்றுக்கு ஓய்வு கிடைப்பதைப் பார்க்க
அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிற்பேன்.

இந்த வீட்டின் எல்லா வேலையும்
மருந்து ஏறியிருக்கும் அந்த நேரத்துக்குள்.
குளியல், சவரம்,
பேரனோடு போன், பேப்பர்,
வேட்டியைத் தானே கட்டிக்கொள்வது.
இறங்கிவிட்டால் சட்டைப் பொத்தான் ஒன்று
கால் மணி நேரம் கேட்கும்.
நான் கை வைக்கப் போனால் கோபம் வரும்.
வரட்டும். பொத்தான் அவருடையது.

சாப்பாடு குழைய வேண்டும்.
அரிசிக் கஞ்சியை மத்தால் மசித்து
உப்பு, ஒரு துளி நெய்,
நாரத்தங்காய் சாறு மட்டும்.
வெறும் தண்ணீர்தான் ஆபத்து;
கெட்டியாய் இருப்பது ஒழுங்காக இறங்குகிறது.
"தாடையை நெஞ்சோட சேர்த்துக்குங்க,
இப்ப முழுங்குங்க."
வாய் காலியானதைப் பார்த்துத்தான்
அடுத்த கரண்டி.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று
அம்மா உச்சந்தலையில் தட்டுவாள்.
இப்போது யாரும் நினைக்க வேண்டாம்,
சாப்பிடுகிற நேரத்திலாவது.

பதினொன்றுக்கு இரண்டாவது.
நாலுக்கு மூன்றாவது.
எடுத்த மணியை நோட்டில் அவரே எழுத வேண்டும்,
அது அவர் போட்ட சட்டம்.
மருந்து இறங்கிய வேளையில் எழுதியது
வரியின் முடிவுக்குள் பொடிப்பொடியாகிவிடும்.
ஏறிய வேளையில் எழுதியது
டிரிப் ஷீட்டில் இருந்த அதே நிமிர்ந்த எழுத்து.
டாக்டர் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்கிறார்.

அறை நிலைப்படி வந்தால் கால் ஒட்டிக்கொள்கிறது.
இழுக்கக் கூடாது, இழுத்தால் விழுவார்.
தரையில் அடிக்கு ஒரு கறுப்பு டேப்.
அதுவும் போதாத நாளில்
பக்கத்தில் நின்று உரக்கச் சொல்கிறேன்:
"ரைட்!"
கால் எழும்புகிறது.
அய்யம்பேட்டை, பாபநாசம், தாராசுரம்...
ஒரு ஊருக்கு ஒரு அடி.
சாப்பாட்டு மேசைதான் கும்பகோணம்.

பருப்பெல்லாம் ராத்திரிக்கு.
எட்டு மணி மாத்திரை போய், ஒன்பது மணிக்கு
பாசிப்பருப்புக் குழம்பு, அவித்த முட்டையின் மஞ்சள்,
கரைத்த தயிர் சோறு.
பகலெல்லாம் மறுத்ததை
ஒரே தட்டில் வைக்கிறேன்.
அவர் மெதுவாகச் சாப்பிடுகிறார்.
எவ்வளவு நேரமானாலும் எனக்கு அவசரமில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி
மூலையைக் காட்டி,
"அந்தப் பையன் டிக்கெட் எடுக்கலை" என்றார்.
மூலையில் யாரும் இல்லை.
மருந்து காட்டும் பையன் என்று தெரியும்.
"பாஸ் வெச்சிருக்கான்பா, படிக்கிற பையன்" என்றேன்.
சரி என்று படுத்துக்கொண்டார்.
காலையில் டாக்டரிடம் சொன்னேன்.
ராத்திரி மாத்திரை பாதியானது,
பையன் வருவதில்லை.
ஆனால் விடியற்காலையில்
புரண்டு படுக்க முடியாமல் என்னைக் கூப்பிடுகிறார்.
ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொள்கிற கணக்கு.
நான் எழுந்து
தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்து
புரட்டிவிடுகிறேன்.

நேற்று பதினொன்றரை.
மருந்துக் கடைப் பையன்
பதினைந்து நாள் மாத்திரையோடு வாசலில்.
அப்பா டேப்பைப் பார்க்காமல் நடந்து வந்தார்.
பர்ஸிலிருந்து நோட்டுகளை
கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணிக் கொடுத்தார்.
மீதியை வாங்கி உள்ளங்கையில் பரப்பினார்.
"தம்பி, ரெண்டு ரூபா குறையுது."
பையன் தலையைச் சொறிந்தான்,
பில்லைப் பார்த்தான்,
சட்டைப் பையில் தேடி
ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினான்.
"இப்ப சரி" என்றார் அப்பா.
"போலாம், ரைட்."