பொருள்: நேற்றைய இன்டர்வியூவுக்கு நன்றி

வணக்கம் கவிதா மேடம்,

நேற்று மதியம் ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு மிக்க நன்றி. பிரபு சாருக்கும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் காட்டிய துணிப் படங்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. அதிலும் அந்தச் சாம்பல் நிற சிங்கிள் ஜெர்சியில் மேலிருந்து கீழாக ஓடிய நீடில் லைன். நீங்கள் விரல் வைத்துக் காட்டும்வரை அது எனக்குத் தெரியவே இல்லை.

துணிப் பழுதைப் படத்தில் கண்டுபிடிக்கும் மாடலுக்கு, ட்ரெயினிங், டெஸ்ட் என்று டேட்டாவை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டீர்கள். எல்லாப் படங்களையும் கலைத்து, ஹோல், ஆயில் ஸ்பாட், நீடில் லைன் விகிதம் மாறாமல் 80/20 ஆகப் பிரிப்பேன் என்றேன். அது தவறு. "ஒரு ரோலிலிருந்து எத்தனை படம் வரும்?" என்று நீங்கள் அடுத்துக் கேட்டது ஏன் என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் பிடிபட்டது.

ஓர் ஊசி பழுதானால் அதே கோடு மீட்டர் கணக்கில் ஓடும். அந்த ரோலில் அடுத்தடுத்து எடுத்த படங்கள் கிட்டத்தட்ட ஒரே படம்தான். கலைத்துப் பிரித்தால் அவற்றில் பல ட்ரெயினிங்குக்கும் மீதி டெஸ்டுக்கும் போய்விடும். மாடல் பழுதைக் கற்காமல் அந்த ரோலையே மனப்பாடம் செய்தாலும் ஸ்கோர் நன்றாக வரும். புது ரோல் வந்ததும் சறுக்கும். அதனால் ரோல் எண்ணை வைத்துப் பிரிக்க வேண்டும்:

```python
cv = StratifiedGroupKFold(n_splits=5, shuffle=True, random_state=42)
for tr, te in cv.split(X, y, groups=roll_id):
    ...
```

ரோல் மட்டும் போதாது என்றும் நினைக்கிறேன். ஊசியை மாற்றும்வரை அதே மெஷினில் இறங்கும் அடுத்த ரோலிலும் அதே கோடு வரும். மெஷின் எண் பதிவாகியிருந்தால் `groups` ஆக அதையே கொடுப்பேன். அப்புறம், கடைசியாக வந்த சில வாரப் படங்களைத் தொடாமல் தனியாக வைத்து, இறுதி டெஸ்டுக்கு மட்டும் எடுப்பேன். இப்படிச் செய்தால் ஸ்கோர் குறையத்தான் செய்யும். ஆனால் செக்கிங் டேபிளில் நிற்பவர் நம்ப வேண்டியது அந்த ஸ்கோரைத்தான்.

என் சித்தப்பா பன்னிரண்டு வருடம் திருப்பூரில் துணி செக்கிங் செய்தவர். தப்பிப்போன ஒரு கோட்டால் தைத்து முடித்த பீஸ்கள் திரும்பி வந்த நாட்களில் வீட்டில் அவர் யாரோடும் பேசமாட்டார். இந்த வேலையை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரபு சார் கேட்ட பழைய ப்ராஜெக்ட்டின் கோட் ஃபைலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மேலும் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எந்த நாளும் மாலை நான்கு மணிக்குமேல் பேசலாம்.

அன்புடன்,
சரவணன்