ஒதுக்கீட்டை மீறலாமா?

செல்வி: எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக், ஒவ்வொரு உறுப்பு நாடும் எவ்வளவு எண்ணெய் எடுக்கலாம் என்று ஒதுக்கீடு வைக்கிறது. அதை மீறுவது லாபமா என்பதுதான் நாம் விடை எழுத வேண்டிய கேள்வி. அதில் நீ ஒரு சிறிய நாடு என்று வைத்துக்கொள். பீப்பாய் 27 டாலர், எடுக்கும் செலவு 5 டாலர். ஒதுக்கீட்டுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு பீப்பாயிலும் 22 டாலர் லாபம். ஏன் விட வேண்டும்?

அருண்: கூடுதல் எண்ணெய் வந்தால் விலை இறங்குமே?

செல்வி: இறங்கும். ஆனால் அந்த நட்டத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வார்கள், கூடுதல் வருமானம் எனக்கு மட்டும். மற்றவர்கள் கட்டுப்பட்டாலும் சரி, மீறினாலும் சரி, எனக்கு மீறுவதுதான் மேல்.

அருண்: இதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு தடவை ஆடும்போது நீ சொல்வது சரி. ஆனால் ஒபெக் நாடுகள் வருடக்கணக்கில் ஆடுகின்றன. சவூதியைப் பார். மற்றவர்கள் மீற மீற, அது தன் உற்பத்தியை நாளுக்குச் சுமார் 1 கோடி பீப்பாயிலிருந்து 1985 நடுவில் 25 லட்சத்துக்கும் கீழே குறைத்து விலையைத் தாங்கிப் பிடித்தது. அப்புறம் பொறுமை போய் உற்பத்தியைக் கூட்டியது. 1986இல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. மீறியவர்களுக்கும்தான் அடி!

செல்வி: அதுவரை சில வருடம் சம்பாதித்தார்களே? தண்டனை தாமதமாக வந்தால் மீறுவதே லாபம்.

அருண்: தாமதமானால், ஆமாம். அப்படியானால் எவ்வளவு சீக்கிரம் பிடிபடுவோம் என்பதிலிருந்துதான் விடையைத் தொடங்க வேண்டும். எழுது.