கறிவேப்பிலை மிக்சர் 80 கிராம்: விலை பற்றிச் சில கேள்விகள்

வணக்கம். தீபாவளிக்கு முன் தேக்கா கடைகளுக்கு வரவிருக்கும் மிக்சர் பொட்டலம் இது. ஓமப்பொடி, நிலக்கடலை, வறுத்த பட்டாணி, பொரித்த கறிவேப்பிலை கலந்தது. திறந்து மூடும் ஜிப் பை. முதலில் ஒரு பிடி சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் எழுதலாம்.

விலை இன்னும் முடிவாகவில்லை, எங்களிடம் கேட்காதீர்கள். பொருள், சேவை வரி சேர்த்து, வெள்ளி காசுக் கணக்கில் உங்கள் மனதில் படுவதை எழுதுங்கள்.

1. கடந்த ஒரு மாதத்தில் இதுபோன்ற நொறுக்குத் தீனி வாங்கினீர்களா? இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நன்றி.

2. என்ன விலைக்குக் கீழே போனால், “இவ்வளவு மலிவா? பழைய எண்ணெயில் பொரித்திருப்பார்களோ” என்று சந்தேகப்பட்டு வாங்க மாட்டீர்கள்?

3. எந்த விலை இருந்தால் கொடுத்த காசுக்கு லாபம் என்று தோன்றும்?

4. எந்த விலையில் கொஞ்சம் யோசிப்பீர்கள், ஆனாலும் வாங்குவீர்கள்?

5. எந்த விலைக்கு மேல் போனால் தொடவே மாட்டீர்கள்?

நான்கு விலையும் ஒன்றைவிட ஒன்று கூடிக்கொண்டே போக வேண்டும். 3-க்கான விலை 4-ஐவிட அதிகமாக இருந்தால் கேள்வியை மறுபடி படித்துத் திருத்துங்கள். அப்படி வரும் தாளை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

6. 3-இல் எழுதிய விலைக்கே கிடைத்தால் வாங்குவீர்களா? 4-இல் எழுதிய விலைக்கு? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக: நிச்சயம் / ஒருவேளை / மாட்டேன்.

7. யாருக்காக வாங்குவீர்கள்: வீட்டுக்கா, அலுவலக மேசைக்கா, விருந்தாளிக்கா?