அரட்டைத் திரை 0.9: பார்த்துவிட்டேன், இப்படியே வெளியிட வேண்டாம்

வெள்ளிக்கிழமை நீங்கள் கொடுத்த பில்டில் அந்த 214 செய்திகள் கொண்ட சோதனை உரையாடலை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து படித்தேன். ஒருமுறை போனில் பிரைட்னஸைப் பாதியாகக் குறைத்து, ஒருமுறை லேப்டாப்பில். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பபிளும் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்று பேர் பேசிக்கொள்வதைப் படிக்கிற உணர்வு வரவில்லை, 214 சீட்டுகளை வரிசையாக ஒட்டி வைத்ததுபோல இருக்கிறது. அதனால் நிறத்தைவிட, ஒருவர் தொடர்ந்து அனுப்பியவற்றைச் சேர்த்துக் காட்டும் தொகுப்பைத்தான் பெரிய குறையாகச் சொல்வேன். நிறம் பத்து நிமிட வேலை என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நாம் அனுப்பும் பபிளில் `#4CAF50` பச்சைமேல் வெள்ளை எழுத்து, கான்ட்ராஸ்ட் 2.78:1 வருகிறது. சாதாரண அளவு எழுத்துக்கு இணைய அணுகல்தன்மை விதிகளான டபிள்யூசிஏஜி கேட்பது 4.5:1. அதே பபிளுக்குள் நேரத்தை வெள்ளையில் 60 சதவீத ஒபாசிட்டியில் போட்டிருக்கிறீர்கள், அது 1.9-க்கு இறங்கிவிடுகிறது. வெயிலில் வேண்டாம், ஜன்னலோரம் உட்கார்ந்தாலே நேரம் தெரியவில்லை. பச்சையை `#2E7D32` ஆக்கினால் வெள்ளை எழுத்துக்கு 5.13 கிடைக்கும். ஆனால் நான் கேட்பது வேறு: `#C8E6C9` மாதிரி வெளிர் பச்சையில் `#212121` எழுத்து. கான்ட்ராஸ்ட் கிட்டத்தட்ட 12, நேரத்தை ஒரு படி மங்கலாக்கவும் இடமிருக்கும், அதோடு நிறைய எழுதுகிறவரின் திரை முழுக்க அடர் பச்சைப் பாளங்களாக நிற்காது. பிராண்ட் நிறம் போய்விடுமே என்றால், அனுப்பு பட்டனில் இருக்கட்டும்.

பெறும் பபிள் வெள்ளை, பின்னணி `#F5F5F5`, இரண்டுக்கும் இடையே 1.09:1. விதிப்படி இது தவறு என்று சொல்ல முடியாது, இடம் வலம் என்ற இடத்தை வைத்தே நாம் பேசியதா மற்றவர் பேசியதா என்று தெரிந்துவிடும். ஆனால் பபிள் என்ற ஒன்று இருப்பதே கண்ணுக்குப் படவில்லை என்றால் எதற்கு அதை வரைய வேண்டும்? பின்னணியை `#E4E7EB` ஆக்கினால் 1.24 வரும், அதற்கே நன்றாகப் பிரிந்து தெரிகிறது. டார்க் மோடில் `#121212` மேல் `#1E1E1E`, அங்கேயும் 1.12-தான், பெறும் பபிளை இன்னும் ஒரு படி வெளுக்க வேண்டும். படித்தாகிவிட்டது என்பதற்கான டிக் சாம்பலிலிருந்து நீலமாவது மட்டும்தான் இப்போது அடையாளம், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது ஒன்றுமே சொல்லாது, உருவத்தையும் மாற்றுங்கள்.

சரி, தொகுப்பு. எல்லா இடைவெளியும் 8 பிக்சல். ஒருவரே தொடர்ந்து நாலு வரி அனுப்பினாலும் 8, ஆள் மாறினாலும் 8. 61-ஆவது செய்தியிலிருந்து பாருங்கள்: "வந்துட்டேன்", "கீழ நிக்கிறேன்", "சாவி உன்கிட்டயா?", "சரி". முதல் மூன்றும் ஒருவர், நான்காவது அதே பக்கத்தில் இருக்கும் மூன்றாவது ஆள். நாலு படம், நாலு பெயர், நாலு வால், நாலு நேரம். "சரி" என்றது யார் என்று கண்டுபிடிக்க நான் பெயரைப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது, இடைவெளியே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே ஆள் தொடர்ந்து அனுப்பியவை ஒரு கொத்து, அதற்குள் 2 பிக்சல், ஆள் மாறினால் 12 பிக்சல். பெயர் கொத்தின் முதல் பபிளில் மட்டும், படமும் வாலும் கடைசியில் மட்டும், நடுவில் இருப்பவற்றுக்கு ஆள் இருக்கும் பக்கத்து மூலைகள் கூர்மையாக. படம் இல்லாத பபிள்களும் அதே ஓரத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பல்வரிசை கோணியதுபோல ஆகும். ஒரே ஆளாக இருந்தாலும் 5 நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் கொத்தை உடையுங்கள், நாள் மாறினாலும், "இவர் குழுவில் சேர்ந்தார்" மாதிரி அறிவிப்பு நடுவில் வந்தாலும் உடைய வேண்டும். 5 என்பது என் கணக்கு, 3 வைத்தாலும் சண்டை போட மாட்டேன், ஆனால் ஏதாவது ஒன்று வேண்டும், ஏனென்றால் காலையில் கேட்ட கேள்வியும் மாலையில் அதே ஆள் நினைவூட்டியதும் இப்போது ஒரே மூச்சில் சொன்னதுபோல ஒட்டி நிற்கின்றன.

கொத்து வந்துவிட்டால் நேரத்தின் பிரச்சினை பாதி தானாகத் தீரும், கொத்தின் கடைசி பபிளில் மட்டும் போட்டால் போதும், மற்றவற்றுக்குத் தொட்டால் தெரியட்டும். "2 மணி நேரத்துக்கு முன்" என்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், உரையாடலுக்குள் யாருக்கும் அது உதவாது, திரையைத் திறந்து வைத்திருந்தால் பொய்யாகவும் ஆகிவிடுகிறது. காலை 10:42 என்று நேராகச் சொல்லுங்கள். நாள் பிரிப்பானில் "இன்று", "நேற்று", அதற்கு முன் தேதி, ஸ்க்ரோல் செய்யும்போது அது மேலே ஒட்டி நிற்கட்டும். அப்புறம் "சரி" என்ற இரண்டு எழுத்துச் செய்தி இரண்டு வரி உயரத்துக்கு நிற்கிறது, நேரம் கீழே தனி வரியில் போவதால். கடைசி வரியின் முடிவில் நேரத்துக்கான அகலத்தை ஒதுக்கி, இடமிருந்தால் அதே வரியில், இல்லாவிட்டால் மட்டும் கீழே இறக்குங்கள். நெட் இல்லாமல் எழுதிய செய்தி பிறகு வந்து சேரும்போது 10:12-க்குக் கீழே 10:05 என்று வருகிறது (இரண்டு இடத்தில் பார்த்தேன்). எந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்துகிறீர்களோ அதையே காட்டுங்கள்.

படிக்கும் ஓட்டத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது வரி உயரம், 1.25. ஆங்கிலத்தில் அது தப்பித்துவிடும். தமிழில் மேல் வரியின் "மூ", "கூ" கால்கள் கீழ் வரியின் "கீ", "தீ" கொம்புகளில் போய் இடிக்கின்றன. லேப்டாப்பில் பபிள் திரையின் முக்கால்வாசிக்கு நீள்கிறது, வரி முடிந்து அடுத்த வரியைத் தேடும்போது கண் தவறுகிறது. ஒரு நீளமான லிங்க் பபிளைக் கிழித்துக்கொண்டு வெளியேயும் போகிறது. மூன்றுக்கும் சேர்த்து இது போதும்:

```css
.bubble {
  max-width: min(75%, 34em);
  line-height: 1.5;
  overflow-wrap: anywhere;
}
```

போனில் எழுத்தளவை 200 சதவீதம் ஆக்கினால் பெயர் பபிளுக்கு வெளியே வெட்டுப்படுகிறது, அதையும் பாருங்கள். படங்கள் லோட் ஆகும்போது அவற்றுக்கான உயரம் முன்கூட்டியே ஒதுக்கப்படாததால், படித்துக்கொண்டிருந்த வரி கையை விட்டு நழுவிக் கீழே போகிறது. மேலே போய்ப் பழையதைப் படிக்கும்போது புதுச் செய்தி வந்தால் திரை கடைசிக்கே குதிக்கிறது, எனக்கு மூன்று முறை இடம் தொலைந்தது. கீழே ஒரு சின்ன எண்ணிக்கைப் பட்டன் போதும், போகலாமா வேண்டாமா என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். எமோஜி மட்டும் வரும் செய்தியைப் பபிள் இல்லாமல் பெரிதாகக் காட்டியது நல்ல யோசனை, அதைத் தொட வேண்டாம்.

அனுப்பும் பபிளின் நிறம், கொத்து, வரி உயரம், குதிக்கும் ஸ்க்ரோல், இந்த நாலும் முடியாமல் 1.0 வேண்டாம். மற்றவை அடுத்த சுற்றில் வரட்டும். புது பில்டிலும் அதே 214 செய்திகளையே போட்டுக் கொடுங்கள், 61-ஆவதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.